மத்தியானம் மாட்ட மறுக்கும் ஹைட்ராலிக் கப்ளர்: மூடிய திரவத்தைச் சூடாக்கி அழுத்தம் அளந்து பார்த்த பதிவு

ஹைட்ராலிக் ரிவர்சிபிள் கலப்பை வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார்களில் ஒன்று வெயில் காலத்தில் மட்டும் வரும். "காலையில கழட்டும்போது லேசா வந்துச்சு தம்பி, மத்தியானம் மாட்டப் போனா அசையவே மாட்டேங்குது" என்பார்கள். கப்ளர் போய்விட்டது என்று நினைத்து டிராக்டர் பக்கம் இருக்கிற பெண் கப்ளரைப் புதிதாக வாங்கிப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. புதுசும் மாட்டாது. ஏனென்றால் கப்ளரில் கோளாறே இல்லை. கலப்பையின் சிலிண்டரிலும் ஹோஸிலும் அடைபட்டுக் கிடக்கிற எண்ணெய் வெயிலில் சூடாகி, ஹோஸ் நுனியில் இருக்கிற ஆண் கப்ளரின் உள்ளடைப்பை வெளிநோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. பாப்பெட் என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன அடைப்புதான். அதை உள்ளே தள்ளினால்தான் கப்ளர் மாட்டும்.

காரணம் இதுதான் என்பது தொழிலில் இருக்கிற பலருக்கும் தெரியும். எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிலர் 10 பார், 20 பார் இருக்கும் என்பார்கள், சிலர் டிகிரிக்கு 10 பாருக்கு மேல் ஏறும் என்பார்கள். இரண்டுமே சரியாக இருக்க முடியும், எந்த இடத்தில் எது சரி என்பதைப் பார்க்கத்தான் ஒரு சின்ன இரும்புக் குடுவை செய்து, முதலில் தண்ணீரையும் அப்புறம் ஹைட்ராலிக் எண்ணெயையும் அடைத்துச் சூடாக்கி அளந்தேன்.

முதலில் கணக்கு. ஒரு திரவத்துக்கு இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒரு டிகிரி சூடானால் அதன் பருமன் எவ்வளவு பங்கு கூடும் என்பது ஒன்று, இதுதான் பரும வெப்ப விரிவுக் குணகம், α. வெப்பநிலை மாறாமல் ஒரு பார் அழுத்தம் கூட்டினால் பருமன் எவ்வளவு பங்கு குறையும் என்பது மற்றொன்று, இது சமவெப்ப அமுக்கத்தன்மை, κ. பட்டறைக்காரர்கள் பல்க் மாடுலஸ் என்று சொல்வதைத் தலைகீழாக்கினால் κ வந்துவிடும். பாத்திரம் கொஞ்சமும் இடம் கொடுக்காதது என்று வைத்துக்கொண்டால், சூட்டில் கூடவேண்டிய பருமனை அழுத்தம் முழுக்கத் திரும்ப அமுக்கியாக வேண்டும். அதனால்:

```
α·ΔT − κ·ΔP = 0
ΔP = (α / κ) · ΔT
```

பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டுவதைவிட லட்சத்தில் எத்தனை பங்கு என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போடலாம். 30 டிகிரியில் தண்ணீர், ஒரு டிகிரிக்கு லட்சத்தில் 30 பங்கு விரியும், ஒரு பாருக்கு லட்சத்தில் 4.5 பங்கு அமுங்கும். 30ஐ 4.5ஆல் வகுத்தால் டிகிரிக்கு 6.7 பார். சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் டிகிரிக்குச் சுமார் 70 பங்கு விரியும், பாருக்குச் சுமார் 6 பங்கு அமுங்கும். வகுத்தால் டிகிரிக்கு 11.7 பார். எண்ணெய்க்கு எண்ணெய் இது கொஞ்சம் மாறும், ஆனால் 11, 12 என்ற அக்கம்பக்கத்திலேயே இருக்கும். பத்து டிகிரி ஏறினால் 117 பார் என்று கணக்கு சொல்லும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும். திரவத்தை அமுக்குவது எவ்வளவு கடினம் என்பது நம் கைக்கு ஒருபோதும் தெரிவதில்லை, அதனால்தான்.

இந்த κ பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எண்ணெய்க்கான தகவல் தாளில் கொடுத்திருக்கிற பல்க் மாடுலஸ் பல சமயம் வேகமாக அமுக்கும்போது உள்ளதாக இருக்கும், அதாவது அமுங்குகிற சூடு வெளியேற நேரம் கிடைக்காத நிலை. பம்ப், சர்வோ வால்வு வடிவமைப்பவர்களுக்கு அது பொருத்தம். நம் வேலையில் எல்லாம் நிதானமாக நடக்கிறது, வெப்பநிலையைத் தனியாக அளந்து கணக்கில் சேர்த்துவிடுகிறோம், எனவே சமவெப்ப மதிப்புதான் வேண்டும். எண்ணெயில் இரண்டுக்கும் 10 முதல் 20 சதவீதம் வரை வித்தியாசம் வரும், தண்ணீரில் ஒன்றிரண்டு சதவீதம்தான். தவறான மதிப்பைப் போட்டால் அழுத்தம் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காட்டும்.

சரி, குடுவை. ஹைட்ராலிக் சிலிண்டர் செய்ய வாங்கி வைத்திருந்த ஹோன் செய்த சீம்லெஸ் குழாயில் ஒரு துண்டு: உள்விட்டம் 40 மி.மீ., வெளிவிட்டம் 50 மி.மீ., உள்நீளம் 300 மி.மீ. உள்ளே 377 மில்லி பிடிக்கும். இரண்டு பக்கமும் தடித்த மூடி வைத்து வெல்டிங், மேல் மூடியில் கால் அங்குலத் துளை இரண்டு. ஒன்றில் நீடில் வால்வு. இன்னொன்றில் ஒரு டீ வைத்து 160 பார் கேஜும், 130 பாருக்கு வைத்த ரிலீஃப் வால்வும். ரிலீஃப் வால்வு இல்லாமல் இதை யாரும் செய்யக் கூடாது. கேஜை மாட்டுவதற்கு முன்பே ஹேண்ட் பம்பால் 195 பார் வரை தண்ணீர் ஏற்றிப் பத்து நிமிடம் வைத்து வெல்டிங்கைச் சோதித்துக்கொண்டேன். அந்த அழுத்தத்தில் குழாய்ச் சுவரில் வரும் இழுவிசை, சாதாரண எஃகு தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது, ஆனால் வெல்டிங்கைக் கண்ணால் பார்த்து நம்பமுடியாது.

காற்றை வெளியேற்றுவதில்தான் இந்தச் சோதனையின் பாதி வேலை இருக்கிறது. குழாய்க்குள் இருக்கும் காற்று சாய்த்துத் தட்டினால் வந்துவிடும். வராதது கேஜுக்குள் இருப்பது. கேஜின் உள்ளே சுருட்டிய தட்டையான பித்தளைக் குழாய் இருக்கும், அதன் மறுமுனை மூடியிருக்கும், எனவே எப்படித் தண்ணீர் ஊற்றினாலும் அதற்குள் காற்று அப்படியே நிற்கும். மெல்லிய ஊசி போட்ட சிரிஞ்சால் உள்ளே விட்டுப் பார்க்கலாம், முழுசாக நிறையாது. சரியான வழி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்பை நீடில் வால்வில் மாட்டிக் காலிக் குடுவையிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, வால்வை மூடி, பம்பைக் கழற்றி, அந்த இடத்தில் திரவம் நிறைந்த ஹோஸை மாட்டித் திறப்பது. திரவம் தானாக உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும், கேஜின் சுருளுக்குள்ளும் போகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டுத்தான் பயன்படுத்தினேன், கரைந்திருக்கும் காற்று சூட்டில் குமிழியாக வெளியே வரக் கூடாதே.

அதோடு விடாமல், ஹேண்ட் பம்பால் 10 பார் முன்னழுத்தம் கொடுத்து மூடினேன். எங்கேயாவது மிச்சமிருக்கும் குமிழி பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் கரைந்தும் போகும்.

சூடாக்கப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், வாட்டர் ஹீட்டர் ராடு. கேஜ் மட்டும் தண்ணீருக்கு வெளியே. ஒவ்வொரு முறையும் இரண்டு டிகிரி ஏற்றி, ராடின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கலக்கி, கேஜ் ஊசி நகராமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். குழாயின் நடுவில் இருக்கும் திரவத்துக்குச் சூடு போய்ச் சேர நேரம் ஆகும், உள்ளே தெர்மாமீட்டர் வைக்கத் தேவையில்லை, ஊசி நிற்பதே உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு என்பதற்கு அடையாளம். குளிர்ந்த குடுவையைச் சட்டென்று வெந்நீரில் முக்கினால் ஊசி ஏறுவதற்கு முன் ஒரு கணம் சற்றே இறங்கும், அதைப் பார்த்துக் கசிவு என்று நினைக்க வேண்டாம். எஃகுச் சுவர் முதலில் சூடாகி விரிகிறது, உள்ளே இருக்கும் திரவத்துக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

தண்ணீர்: 30 டிகிரியில் 10 பாரில் தொடங்கி 40 டிகிரிக்குப் போனபோது கேஜ் 70ஐக் காட்டியது. 60 பார் ஏற்றம். வெறும் α/κ கணக்குப்படி, 35 டிகிரியின் மதிப்புகளைப் போட்டால், 34.6ஐ 4.45ஆல் வகுத்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட 7.8 பார், மொத்தம் 78 பார் வந்திருக்க வேண்டும். 18 பார் எங்கே போனது?

பெரும்பகுதி குழாய்க்குள் போனது. எஃகும் சூட்டில் விரிகிறது, டிகிரிக்கு லட்சத்தில் 3.5 பங்கு பருமன் கூடும், அந்த அளவு இடம் திரவத்துக்குச் சும்மா கிடைக்கிறது. அப்புறம், அழுத்தம் ஏற ஏறக் குழாய்ச் சுவர் இழுபட்டுக் கொஞ்சம் உப்புகிறது. 40க்கு 50 என்ற இந்தக் குழாய்க்கு அது பாருக்கு லட்சத்தில் 0.45 பங்கு. இரண்டையும் சேர்த்தால் கணக்கு இப்படி மாறும்:

```
ΔP/ΔT = (α − α_குழாய்) / (κ + κ_குழாய்)
தண்ணீர், 35 °C : (34.6 − 3.5) / (4.45 + 0.45) = 6.3 பார்/டிகிரி
```

பத்து டிகிரிக்கு 63. கேஜ் காட்டியது 60. கேஜின் சுருள் கொஞ்சம் விரிந்துகொடுக்கும், மிச்சமிருந்த காற்றும் கொஞ்சம் தின்றிருக்கும், இந்த மூன்று பாரைத் துரத்திக்கொண்டு போவதில் பலனில்லை. குழாய் உப்புவது இங்கே சின்ன விஷயமாக இருப்பதற்குக் காரணம் சுவர் தடிப்பு. மெல்லிய சுவர் உள்ள பெரிய விட்டக் குழாயில், விட்டம் தடிப்பைப்போல் நாற்பது மடங்கு இருந்தால், இந்த 0.45 என்பது கிட்டத்தட்ட 1.9 ஆகிவிடும், அப்போது தள்ளிவிட முடியாது.

தண்ணீரில் இன்னொன்றும் கேஜிலேயே தெரிந்தது. 30லிருந்து 32க்குப் போனபோது சுமார் 11 பார்தான் ஏறியது, 38லிருந்து 40க்குப் போனபோது 13ஐத் தாண்டியது. சூடு ஏற ஏறத் தண்ணீரின் α வேகமாகக் கூடுகிறது, 20 டிகிரியில் லட்சத்தில் 21, 30ல் 30, 40ல் 38, 50ல் 46. κ அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் தண்ணீருக்கு "டிகிரிக்கு இத்தனை பார்" என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்து எல்லா வெப்பநிலையிலும் போட்டால் ஏமாற்றிவிடும். 4 டிகிரிக்குப் பக்கத்தில் α பூஜ்யம், அங்கே சூடாக்கினாலும் அழுத்தம் ஏறாது, அதற்குக் கீழே சூடாக்கினால் இறங்கவே செய்யும். எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை, நம் வெயில் வெப்பநிலைகளில் அதன் α கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும்.

காற்று இருந்தால் என்ன ஆகும் என்பதை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். குடுவையை நிறைத்து முன்னழுத்தம் இல்லாமல், சிரிஞ்சால் 2 மில்லி தண்ணீரை வெளியே எடுத்துக் காற்றை விட்டு மூடினேன். 377 மில்லியில் 2 மில்லி என்பது அரை சதவீதம்தான். 30லிருந்து 40 டிகிரி வரை சூடாக்கியதும் ஊசி பூஜ்யத்தைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது, ஒன்றரை பார் இருக்கும். 63 பார் வரவேண்டிய இடத்தில் ஒன்றரை. கணக்குப் போட்டால் புரிந்துவிடும்: பத்து டிகிரிக்குத் தண்ணீர் கேட்கும் கூடுதல் இடம் வெறும் 1.2 மில்லி. 2 மில்லிக் குமிழி 0.8 மில்லியாகச் சுருங்கினால் போதும், அந்த இடம் கிடைத்துவிடும், அதற்குக் காற்றை இரண்டரை மடங்கு அமுக்கினால் போதும்.

அடுத்து அரை மில்லிக் காற்று விட்டேன். இதன் நடத்தைதான் பார்க்கத் தகுந்தது. 34 டிகிரி தாண்டும்வரை ஊசி பெரிதாக அசையவில்லை. அதற்குப் பிறகு, குமிழி நசுங்கித் தீர்ந்ததும், காற்றில்லாத குடுவையில் ஏறிய அதே வேகத்தில் ஏறி 40 டிகிரியில் 35 பாருக்குப் பக்கத்தில் வந்தது. அதனால் மூடிய எந்த அமைப்பிலும் ஏற்றத்தை டிகிரிவாரியாக எழுதிப் பார்த்தாலே எது குறைக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் படுத்திருந்து பிறகு முழு வேகத்தில் ஏறினால் காற்று. ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக, ஆனால் கணக்கைவிடக் குறைந்த வேகத்தில் ஏறினால் பாத்திரமோ ஹோஸோ இடம் கொடுக்கிறது. வெப்பநிலையை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தும் ஊசி இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு, அப்படிக் கசிந்த குடுவை ஆறியபின் தொடங்கிய அழுத்தத்துக்குத் திரும்பாமல் அதற்குக் கீழே போய் நிற்கும்.

கசிவு என்றால் எவ்வளவு? ஒரு சொட்டை மில்லியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 377 மில்லியில் அது லட்சத்தில் 13 பங்கு. தண்ணீரும் குழாயும் சேர்ந்து பாருக்கு 4.9 பங்கு இடம் கொடுக்கின்றன. எனவே ஒரு சொட்டு வெளியேறினால் 2.7 பார் இறங்கும். நீடில் வால்வை மயிரிழை திறந்து சொட்டு எண்ணிப் பார்த்தேன், இருபது சொட்டுக்கு மேல் போனதும் 60 பாரும் காணாமல் போனது. இழையில் டேப் சரியாகச் சுற்றாமல் லேசான ஈரம் தெரிந்தாலே சோதனை வீண் என்பதை இந்த எண் சொல்லிவிடுகிறது. கலப்பைக்கு மருந்தும் இதே எண்ணில்தான் இருக்கிறது.

குடுவையைக் காய வைத்து அதே வேக்குவம் முறையில் 68 கிரேடு ஹைட்ராலிக் எண்ணெயை நிரப்பினேன். எண்ணெயில் சாதாரணமாகவே பருமனில் எட்டு ஒன்பது சதவீதம் காற்று கரைந்திருக்கும், அது கரைந்தே இருக்கும்வரை அமுக்கத்தன்மையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குமிழியாகப் பிரிந்து நின்றால்தான் வம்பு. கணக்கு: 70 கழித்தல் 3.5, கீழே 6 கூட்டல் 0.45, டிகிரிக்கு 10.3 பார். 30லிருந்து 40 டிகிரிக்கு 103. கேஜ் 10லிருந்து 107 வரை போனது, 97 பார் ஏற்றம். கொதிக்கிற சூடு ஒன்றும் இல்லை, கையை வைத்தால் இதமாக இருக்கும் தண்ணீரில் அந்த ஊசி 107ல் நிற்பதை நேரில் பார்த்தபோது, மாட்ட முடியாமல் தவித்தவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்று தோன்றியது.

ஆனால் கலப்பை வெறும் இரும்புக் குடுவை இல்லை. அதில் ஹோஸ் இருக்கிறது. அரை அங்குல, இரண்டு அடுக்குக் கம்பி பின்னிய ஹோஸில் ஒரு மீட்டரை எண்ணெய் நிரப்பி, ஹேண்ட் பம்பால் 100 பார் வரை ஏற்றி, திரும்ப இறக்கும்போது வெளியேறிய எண்ணெயைச் சிரிஞ்சில் பிடித்து அளந்தேன். ஒரு மீட்டரில் 127 மில்லி எண்ணெய் இருக்கும். பம்ப் உள்ளேயும் எண்ணெயிலும் அமுங்கியதைக் கழித்துவிட்டால் ஹோஸ் மட்டும் பாருக்கு லட்சத்தில் சுமார் 30 பங்கு உப்பியிருக்கிறது. எண்ணெயே அமுங்குவதைப்போல் ஐந்து மடங்கு. இது ஹோஸுக்கு ஹோஸ், பழசு புதுசுக்குத் தகுந்தபடி நிறைய மாறும், எனவே என் 30ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்களிடம் இருப்பதை அளந்துகொள்வது நல்லது.

இனி கலப்பைக்கு வருவோம். கலப்பையைப் புரட்டும் சிலிண்டர் இரண்டு பக்க ஓய்வு நிலையிலும் நீண்டு முட்டித்தான் நிற்கும், எனவே பிஸ்டனுக்குப் பின்பக்கம் எண்ணெய் நிறைந்திருக்கும். உள்விட்டம் 63 மி.மீ., ஓட்டம் 200 மி.மீ. என்றால் 620 மில்லி. ஒன்றரை மீட்டர் ஹோஸில் 190 மில்லி. மொத்தம் 810. ஒரு டிகிரிக்கு இந்த எண்ணெய் கேட்கும் கூடுதல் இடம், இரும்பின் விரிவைக் கழித்து, 0.54 மில்லி. ஒரு பாருக்குக் கிடைக்கும் இடத்தைத் தனித்தனியாகப் பார்த்தால் எண்ணெய் அமுங்குவதில் 0.049 மில்லி, சிலிண்டர் உப்புவதில் 0.003, ஹோஸ் உப்புவதில் 0.057. கூட்டினால் 0.109.

0.54ஐ 0.109ஆல் வகுத்தால் டிகிரிக்கு 5 பார். இரும்புக் குடுவையில் 10.3 இருந்தது பாதியாகிவிட்டது, அந்தப் பாதியைத் தின்றது மொத்த எண்ணெயில் கால் பங்கைக்கூட வைத்திருக்காத ஹோஸ். ஒருவர் டிகிரிக்குப் பத்துக்கு மேல் என்பதும், இன்னொருவர் அவ்வளவெல்லாம் ஏறாது என்பதும் இப்படித்தான் இரண்டும் உண்மையாகிறது. இரும்புக் குழாய் போட்ட அமைப்பைப் பார்த்தவர் ஒன்று சொல்கிறார், நீள ஹோஸ் போட்டதைப் பார்த்தவர் வேறு சொல்கிறார், உள்ளே காற்று நுழைந்த பழைய சிலிண்டரைப் பார்த்தவர் ஒன்றுமே ஏறாது என்கிறார்.

விடிகாலையில் 27 டிகிரியில் கழற்றிப் போட்ட கலப்பை மத்தியானம் களத்து வெயிலில் 52 டிகிரிக்குப் போவது ஆச்சரியமில்லை, கறுப்பு ஹோஸும் பெயின்ட் அடித்த இரும்பும் காற்றைவிட வெகுவாகச் சூடேறும். 25 டிகிரிக்கு 125 பார். எங்களிடம் வந்த ஆண் கப்ளரில் பாப்பெட்டின் இருக்கை விட்டம் சுமார் 14 மி.மீ. இருந்தது, ஒன்றரை சதுர செ.மீ. பரப்பு. 125 பாருக்கு அதை உள்ளே தள்ள 190 கிலோ விசை வேண்டும். எந்தக் கையாலும் ஆகாத காரியம்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு விஷயமும் பிடிபடும். சாயங்காலம் உழுது முடித்த கையோடு, எண்ணெய் 55, 60 டிகிரியில் இருக்கும்போதே கழற்றியவர்களிடமிருந்து இந்தப் புகார் வருவதில்லை. கழற்றும்போது இருந்த சூட்டை மறுநாள் வெயில் தாண்டினால்தானே அழுத்தம் ஏறும். ராத்திரி எண்ணெய் சுருங்கும், மத்தியானம் திரும்ப விரியும், பழைய இடத்தைத் தாண்டாது. மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் குளிர்ந்த எண்ணெயோடு காலையில் கழற்றியவர்கள்தான். கழற்றும்முன் எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கச் சொல்வார்கள், அதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், ஆனால் அது கழற்றும் நேரத்து அழுத்தத்தை மட்டும்தான் போக்கும். அதற்குப் பிறகு வெயிலில் ஏறுவதை அது தடுக்காது.

அவசரத்துக்கு என்ன செய்யலாம் என்றால், சிலிண்டர் மேலும் ஹோஸ் மேலும் சாக்கைப் போர்த்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். ஒவ்வொரு டிகிரிக்கும் 5 பார் இறங்கும், 20 டிகிரி இறங்கினால் 100 பார் போய்விடும். மிச்சம் 25 பார் இருந்தாலும் பாப்பெட் மேல் 38 கிலோ நிற்கும், எனவே இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டியிருக்கும். பலர் செய்வது வேறு. பாப்பெட்டைச் சுத்தியலால் ஒரு போல்ட் வைத்துத் தட்டுவார்கள், அல்லது ஹோஸ் நட்டைத் தளர்த்துவார்கள். இரண்டும் வேண்டாம். பாப்பெட்டின் இருக்கையில் கீறல் விழுந்தால் அந்தக் கப்ளர் அன்றிலிருந்து ஒழுகும். நட்டைத் தளர்த்தும்போது மெல்லிய இடுக்கு வழியே 100 பாருக்கு மேல் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரும். அப்படிக் குத்தினால் வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கலப்பையில் நான் போட்டது எளிமையானது. சிலிண்டரின் பின்பக்கத் துளையில் ஹோஸுக்கு முன் ஒரு டீ, அதில் கால் அங்குல நீடில் வால்வு, அதிலிருந்து மெல்லிய இரும்புக் குழாய் வளைந்து மூடிபோட்ட சின்ன டப்பாவுக்குள் இறங்கும். டப்பா மூடியில் காற்றுத் துளை. 125 பாரை முழுக்க இறக்க வெளியேற வேண்டிய எண்ணெய் 125 பெருக்கல் 0.109, 14 மில்லிதான், ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை. வால்வைக் கால் சுற்றுத் திறந்தால் டப்பாவுக்குள் எண்ணெய் சொட்டும், நின்றதும் மூடிவிட்டுக் கப்ளரை மாட்டலாம். தண்டுப் பக்கத்து ஹோஸுக்கும் இன்னொரு வால்வு வைத்தேன், பிஸ்டன் முட்டி நிற்கும்போது அங்கே கிட்டத்தட்ட ஹோஸ் எண்ணெய் மட்டும்தான், டிகிரிக்கு 2 பார்கூட ஏறாது, ஆனால் 25 டிகிரிக்கு 45 பார் சேர்ந்தாலே கப்ளர் மாட்டாது. இரண்டு வால்வின் கைப்பிடியையும் கழற்றி ஒரு கம்பியில் கட்டி டிராக்டரின் டூல் பாக்ஸில் போட்டிருக்கிறேன், வேலை நடுவில் யாராவது தெரியாமல் திறந்துவிடக் கூடாது. இந்த வால்வுகளுக்கு 315 பார் மதிப்புக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம், டிராக்டரின் சொந்த ரிலீஃப் வால்வு பெரும்பாலும் 200 பாரை ஒட்டித்தான் இருக்கும் என்றாலும், பள்ளத்தில் கலப்பை மோதும்போது சிலிண்டருக்குள் அதைத் தாண்டிய உதை வரும்.